பென்சீனில் ஜோடி சேரும் பென்சாயிக் அமிலம்: உறைநிலைத் தாழ்விலிருந்து இணைதல் வீதம்

50 கிராம் பென்சீனில் 1.22 கிராம் பென்சாயிக் அமிலத்தைக் கரைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சாயிக் அமிலத்தின் மோலார் நிறை 122 கிராம். ஆக, கரைத்தது 0.01 மோல். கரைப்பான் 0.05 கிலோகிராம். ஒரு கிலோகிராம் பென்சீனுக்கு 0.2 மோல் என்பதால் கரைசலின் மோலாலிட்டி 0.2.

பென்சீனின் மோலால் உறைநிலைத் தாழ்வு மாறிலி 5.12. ஒரு கிலோகிராம் பென்சீனில் ஒரு மோல் கரைபொருள் இருந்தால் உறைநிலை 5.12 கெல்வின் தாழும் என்ற வீதத்தை அது குறிக்கிறது. அந்த வீதப்படி நம் கரைசலின் உறைநிலை 0.2 × 5.12 = 1.024 கெல்வின் தாழ வேண்டும். தூய பென்சீன் 5.5 டிகிரி செல்சியஸில் உறையும். நம் கரைசல் 4.5 டிகிரிக்குப் பக்கத்தில் உறைய வேண்டும்.

ஆனால் அளந்தால் தாழ்வு 0.54 கெல்வின்தான் வருகிறது. ஏறக்குறைய 5 டிகிரியிலேயே பென்சீன் படிகங்கள் தோன்றிவிடுகின்றன. எதிர்பார்த்ததில் கிட்டத்தட்ட பாதியைக் காணவில்லை. (இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனாலும் பென்சாயிக் அமிலம் உண்மையில் நடந்துகொள்ளும் விதத்துக்கு நெருக்கமானவை.) காணாமல் போன அந்தப் பாதி எங்கே போனது என்று தேடினால் இணைதல் வீதம் தானாகவே வந்து நிற்கும்.

உறைநிலைத் தாழ்வு ஒரு தொகைசார் பண்பு. கரைந்திருப்பது என்ன பொருள், அதன் மூலக்கூறு பெரியதா சிறியதா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கரைப்பானுக்குள் எத்தனை துகள்கள் தனித்தனியாகத் திரிகின்றன என்ற எண்ணிக்கை ஒன்றுதான் கணக்கு. மாறிலியின் மதிப்பும் கரைப்பானை மட்டுமே பொறுத்தது. பென்சீனின் உறைநிலை, அதன் மோலார் நிறை, உருகும்போது அது ஏற்கும் வெப்பம் ஆகிய மூன்றையும் வைத்தே அதைக் கணக்கிட்டுவிடலாம். கரைபொருள் அந்தக் கணக்கில் எங்குமே வராது.

ஆக, தாழ்வு பாதியாக இருந்தால் துகள்களின் எண்ணிக்கையும் பாதியாக இருக்கிறது என்றுதான் பொருள். 0.01 மோல் அமிலத்தை எடை போட்டுத்தான் போட்டோம். அது எங்கும் தொலையவில்லை. அப்படியானால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒவ்வொரு ஜோடியும் ஒரே துகளாகத் திரிகிறது.

இந்தப் 'பாதி' புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1880களில் பிரெஞ்சு வேதியியலாளர் ரௌல்ட், பல்வேறு பொருள்களைப் பென்சீனில் கரைத்து உறைநிலையை வரிசையாக அளந்தார். அன்றைய வழக்கப்படி 100 கிராம் கரைப்பானுக்கு ஒரு மோல் என்று கணக்கிட்டபோது, பெரும்பாலான பொருள்களுக்கு 49க்கு அருகில் ஒரே மதிப்பு வந்தது. ஒரு கூட்டத்துக்கு மட்டும் 25ஐ ஒட்டி வந்தது. கரிம அமிலங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தன. சில பழைய கணக்குகளில் பென்சீனின் மாறிலி 4.9 என்று கொடுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரௌல்ட்டின் 49ஐக் கிலோகிராம் கணக்குக்கு மாற்றினால் அதே 4.9தான். இந்த 4.9 நமக்குப் பிறகு ஒரு தொல்லை தரும், நினைவில் வையுங்கள்.

சரி, மூலக்கூறுகள் ஏன் ஜோடி சேர வேண்டும்? பென்சாயிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியில் இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு. ஒன்று, ஆக்சிஜனுடன் பிணைந்த ஹைட்ரஜன். அது ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும் முனை. மற்றொன்று, கார்பனுடன் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஆக்சிஜன். அது பிணைப்பை வாங்கும் முனை. இரண்டு அமில மூலக்கூறுகள் எதிரெதிரே வந்தால், முதல் மூலக்கூறின் ஹைட்ரஜன் இரண்டாவதின் ஆக்சிஜனோடும், இரண்டாவதின் ஹைட்ரஜன் முதலாவதின் ஆக்சிஜனோடும் பிணைகின்றன. இப்படி ஒரே நேரத்தில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைந்து, எட்டு அணுக்கள் கொண்ட ஒரு வளையம் உருவாகிறது. இந்த ஜோடியைத்தான் இருபடி மூலக்கூறு என்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வளையம் மூடியதும் கதை முடிந்துவிடுகிறது என்பதுதான். கொடுக்கும் முனை, வாங்கும் முனை இரண்டுமே செலவாகிவிடுவதால் மூன்றாவது மூலக்கூறு வலுவாக ஒட்டிக்கொள்ள இடமில்லை. ஆல்கஹால்கள் இப்படி அல்ல. அவற்றில் ஒன்றின் பின் ஒன்றாக நீண்ட சங்கிலி அமைய வழி இருக்கிறது. அதனால் ஆல்கஹாலுக்கு 'எத்தனை மூலக்கூறுகள் சேர்கின்றன' என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. கார்பாக்சிலிக் அமிலத்துக்கு இரண்டு என்று துணிந்து சொல்லலாம்.

கரைப்பானும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். இதே அமிலத்தை நீரில் கரைத்தால் நீர் மூலக்கூறுகள் சுற்றி வந்து அந்த இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்ளும், ஜோடி நிலைக்காது. பென்சீனிடம் கொடுப்பதற்கு அப்படிப்பட்ட ஹைட்ரஜனும் இல்லை, வாங்குவதற்கு ஆக்சிஜனும் இல்லை. அமிலத்துக்கு அமிலமே துணை.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். அளந்த தாழ்வை எதிர்பார்த்த தாழ்வால் வகுத்தால் கிடைப்பது வாண்ட் ஹாஃப் காரணி, i. கீழே ΔTf என்பது உறைநிலைத் தாழ்வு, Kf என்பது மோலால் உறைநிலைத் தாழ்வு மாறிலி, m என்பது மோலாலிட்டி.

```
i = அளந்த ΔTf / கணக்கிட்ட ΔTf
ΔTf = i × Kf × m
```

துகள்கள் உடையவும் இல்லை, சேரவும் இல்லை என்றால் i = 1. உப்பு நீரில் அயனிகளாகப் பிரிவதுபோல் துகள்கள் பெருகினால் i ஒன்றைத் தாண்டும். இங்கே துகள்கள் சேர்வதால் i ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது.

இணைதல் வீதத்தை α என்று எழுதுவது வழக்கம். கரைத்த மூலக்கூறுகளில் எந்தப் பங்கு ஜோடிக்குள் போயிருக்கிறது என்பதை அது சொல்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட 100 மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பது நல்லது. 100 மூலக்கூறுகளில் 80 ஜோடி சேர்ந்தன என்றால் α = 0.8. அந்த 80 மூலக்கூறுகளும் 40 ஜோடிகளாகின்றன. மீதி 20 தனியாக நிற்கின்றன. மொத்தத் துகள்கள் 40 + 20 = 60. தொடக்கத்தில் 100 இருந்தன, இப்போது 60. எனவே i = 0.6.

இதையே பொதுவாக எழுதினால், ஒரு மூலக்கூறுக்கு (1 − α) தனியாக நிற்கும், α/2 ஜோடியாக நிற்கும்.

```
2A ⇌ A2
i = (1 − α) + α/2 = 1 − α/2
α = 2(1 − i)
```

சூத்திரத்தில் இருக்கும் 2 எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். ஒவ்வொரு ஜோடி அமையும்போதும் துகள் எண்ணிக்கையில் ஒன்றுதான் குறைகிறது, ஆனால் இணைந்த மூலக்கூறுகள் இரண்டு. குறைந்த துகள்களை இரண்டால் பெருக்கினால்தான் இணைந்த மூலக்கூறுகள் கிடைக்கும். பலர் 1 − i என்பதையே இணைதல் வீதம் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். விடை 50 சதவீதத்துக்குக் கீழே வந்து, i மட்டும் 0.5ஐ நெருங்கி இருந்தால், இந்தப் பிழைதான் நடந்திருக்கும்.

நம் கரைசலுக்குத் திரும்புவோம்.

```
i = 0.54 / 1.024 = 0.527
α = 2 × (1 − 0.527) = 0.946
```

ஏறத்தாழ 95 சதவீத மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்திருக்கின்றன. இதைத் துகள்களில் 95 சதவீதம் ஜோடிகள் என்று படிக்கக் கூடாது. 1000 அமில மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால் 946 ஜோடி சேர்ந்து 473 இருபடிகளாகின்றன, 54 தனியாக நிற்கின்றன. மொத்தம் 527 துகள்கள். அவற்றில் ஜோடிகள் 90 சதவீதம்தான். வீதம் எதன் வீதம் என்று ஒரு நொடி நின்று பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

விடை சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அளந்த தாழ்விலிருந்து தோற்ற மோலார் நிறையைக் கண்டுபிடியுங்கள்: 122 / 0.527 = 231. தனி மூலக்கூறுக்கு 122, முழு இருபடிக்கு 244. நமக்குக் கிடைத்தது இரண்டுக்கும் நடுவில், 244ஐ ஒட்டி இருக்கிறது. 95 சதவீதத்தோடு பொருந்துகிறது. இந்த மதிப்பு 122க்குக் கீழேயோ 244க்கு மேலேயோ போனால் கணக்கிலோ சோதனையிலோ எங்கோ கோளாறு.

அப்புறம், இந்த 95ஐ எவ்வளவு நம்பலாம்? மாறிலியை 5.12க்குப் பதில் 4.9 என்று எடுத்திருந்தால் எதிர்பார்த்த தாழ்வு 0.98 ஆகியிருக்கும். அப்போது i = 0.551, α = 0.898. சோதனை அதே சோதனைதான், ஆனால் விடை 95இலிருந்து 90 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. தனியாக நிற்கும் மூலக்கூறுகளைப் பார்த்தால் மாற்றம் இன்னும் பெரிது: 5 சதவீதம் 10 ஆகிறது, அதாவது இரண்டு மடங்கு. தேர்வுக் கணக்கில் கொடுத்த மாறிலியையே பயன்படுத்துங்கள். இரண்டு புத்தகங்களின் விடைகளை ஒப்பிடும்போது மட்டும் முதலில் மாறிலி ஒன்றுதானா என்று பாருங்கள்.

வெப்பநிலைமானியும் இதேபோல் விடையை ஆட்டிவைக்கும். 0.54க்குப் பதில் 0.55 என்று வாசித்தால் α 0.926 ஆகிறது. நூறில் ஒரு பாகம் கெல்வின் பிழைக்கு இணைதல் வீதத்தில் 2 சதவீதப் புள்ளிகள் போய்விடுகின்றன. சாதாரண வெப்பநிலைமானியில் அந்த நூறில் ஒரு பாகத்தைப் படிக்கவே முடியாது. இந்தச் சோதனைக்கு பெக்மான் வெப்பநிலைமானியைப் பயன்படுத்தியதன் காரணம் இதுதான். அது ஆறு டிகிரி அளவுக்கான சிறிய இடைவெளியை மட்டும் நீளமாக விரித்துக் காட்டும். தாழ்வு என்பது இரண்டு உறைநிலைகளின் வித்தியாசம் என்பதால் அந்தச் சிறிய இடைவெளியே போதும்.

ஆய்வகத்தில் நிஜமாகவே தொல்லை கொடுப்பது மிகைக்குளிர்வு. கரைசல் உறைய வேண்டிய வெப்பநிலையைத் தாண்டியும் திரவமாகவே கீழே இறங்கும். பிறகு படிகம் தோன்றியதும் வெப்பம் வெளிப்பட்டு வெப்பநிலை சட்டென ஏறும். அந்த அடிமட்டப் புள்ளியை உறைநிலை என்று எழுதிவிட்டால் தாழ்வு கூடிவிடும், α குறைந்துவிடும். ஏறி நிற்கும் உச்சத்தை எடுத்தாலும் முழுச் சரி இல்லை. பென்சீன் படிகமாகப் பிரியப் பிரிய மீதிக் கரைசல் செறிவடைகிறது, அதன் உறைநிலை மேலும் தாழ்ந்துகொண்டே போகிறது. அதனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போட வேண்டும். உறைதல் தொடங்கிய பிறகுள்ள சாய்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது குளிர்தல் கோட்டை ஓர் இடத்தில் வெட்டும். அந்த இடமே உறைநிலை. விடாமல் கலக்கிக்கொண்டிருந்தால் மிகைக்குளிர்வும் சிறிதாகவே இருக்கும்.

இரண்டாவது எதிரி ஈரம். நீர் பென்சீனில் மிகக் கொஞ்சமே கரையும். ஆனால் நீரின் மூலக்கூறு சிறியது என்பதால் எடை குறைவாக இருந்தாலும் துகள்கள் பல. சரியாக உலராத அமிலம் நீரையும் கூடவே கொண்டுவந்தால் தாழ்வு கூடுகிறது. போதாக்குறைக்கு நீர் அமிலத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பில் சேர்ந்து சில ஜோடிகளையும் பிரிக்கிறது. இரண்டு விளைவும் ஒரே திசையில், α குறைவதாகவே காட்டும்.

எதிர்த்திசையில் தவறு நடப்பதும் உண்டு. அமிலம் முழுவதும் கரையாமல் அடியில் கொஞ்சம் தங்கிவிட்டால், நாம் நினைக்கும் மோலாலிட்டி உண்மையில் இருக்காது. தாழ்வு குறைவாக வரும், i 0.5க்குக் கீழே போகும், α ஒன்றைத் தாண்டிவிடும். 100 பேரில் 104 பேர் ஜோடி சேர்ந்தார்கள் என்று ஒரு விடை இருக்க முடியாது. அப்படி வந்தால் கண்ணாடிக் குழாயின் அடியை முதலில் பாருங்கள். அறை வெப்பநிலையில் தெளிவாக இருந்த கரைசலில் 5 டிகிரிக்குக் குளிரும்போது அமிலம் பிரிந்து வந்திருக்கவும் கூடும்.

பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகைபோக்கி அறை இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

இனி தொடக்க நிலையில் பலர் தவறவிடும் ஒரு விஷயம். 'பென்சீனில் பென்சாயிக் அமிலத்தின் இணைதல் வீதம் என்ன?' என்ற கேள்வி முழுமையான கேள்வியே அல்ல. எந்தச் செறிவில் என்று கேட்க வேண்டும். ஜோடி சேர்வதும் பிரிவதும் சமநிலையில் நடப்பவை. ஜோடி சேர இரண்டு மூலக்கூறுகள் சந்திக்க வேண்டும். கரைசலை நீர்த்தால் சந்திப்பு அரிதாகும். பிரிவதற்கு யாரையும் சந்திக்க வேண்டியதில்லை. எனவே நீர்க்க நீர்க்க α குறையும்.

எவ்வளவு குறையும் என்று நம் எண்களிலிருந்தே பார்க்கலாம். 0.2 மோலால் கரைசலில் தனி மூலக்கூறுகளின் செறிவு 0.2 × 0.054, அதாவது சுமார் 0.011. இருபடிகளின் செறிவு 0.2 × 0.946 / 2, அதாவது சுமார் 0.095. இருபடியின் செறிவைத் தனி மூலக்கூறின் செறிவின் இருமடியால் வகுத்தால் சமநிலை மாறிலி கிடைக்கும். அது ஏறத்தாழ 800. இதே மாறிலியை வைத்துப் பத்து மடங்கு நீர்த்த 0.02 மோலால் கரைசலுக்குக் கணக்கிட்டால், தனியாக நிற்பவை 16 சதவீதம் என்று வருகிறது. α 95 சதவீதத்திலிருந்து 84க்கு இறங்கிவிட்டது.

நீர்த்த கரைசலை அளப்பதுதான் கொள்கைக்கு ஏற்றது. ஏனெனில் நாம் பயன்படுத்தும் உறைநிலைத் தாழ்வுச் சூத்திரமே நீர்த்த கரைசலுக்கானது. ஆனால் 0.02 மோலால் கரைசலின் தாழ்வு வெறும் 0.06 கெல்வின். அங்கே நூறில் ஒரு பாகப் பிழை வந்தால் α 20 சதவீதப் புள்ளிகள் ஆடிவிடும். செறிவைக் கூட்டினால் அளவீடு துல்லியமாகும், சூத்திரம் தளரும். குறைத்தால் சூத்திரம் பொருந்தும், அளவீடு தளரும். 0.1, 0.2 மோலால் போன்ற நடுத்தரச் செறிவுகளில் வேலை செய்வது இந்த இழுபறிக்கு ஒரு நடைமுறைத் தீர்வு.

வெப்பநிலையும் நம் கையில் இல்லை. உறைநிலை முறையில் கிடைக்கும் α எப்போதும் 5 டிகிரியை ஒட்டிய மதிப்பு. இணைதல் வெப்பத்தை வெளியிடும் வினை. எனவே சூடாக்கினால் ஜோடிகள் பிரியும். கொதிநிலை ஏற்ற முறையில் 80 டிகிரிக்குப் பக்கத்தில் அதே கரைசலை அளந்தால் α குறைவாக வருவது பிழை அல்ல, அப்படித்தான் வர வேண்டும்.

கடைசியாக ஒரு நியாயமான சந்தேகம். இரண்டிரண்டாகத்தான் சேர்கின்றன என்று நாமே வைத்துக்கொண்டுதானே கணக்குப் போட்டோம்? மும்மூன்றாகச் சேர்ந்திருந்தால்? n மூலக்கூறுகள் சேரும்போது சூத்திரம் இப்படி மாறும்.

```
α = (1 − i) × n / (n − 1)
```

n = 3 என்று போட்டால் நம் அதே 0.54 கெல்வின் 71 சதவீத இணைதலைத் தரும். இந்த விடையிலும் தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு செறிவில் எடுத்த ஒரே ஓர் அளவீடு n எவ்வளவு என்பதைச் சொல்லாது. செறிவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று மூன்றாகச் சேர்ந்தால் i மூன்றில் ஒரு பங்கை, அதாவது 0.33ஐ நோக்கி இறங்கும். பென்சாயிக் அமிலத்தில் அது 0.5ஐ நெருங்கி அங்கேயே நின்றுவிடுகிறது.

உறைநிலையோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு சாட்சியும் உண்டு. 1891இல் நெர்ன்ஸ்ட், ஒரு பொருள் கலவாத இரு திரவங்களுக்கிடையே எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதற்கான விதியை வெளியிட்டார். பென்சாயிக் அமிலத்தை நீர், பென்சீன் இரண்டோடும் சேர்த்துக் குலுக்கி, இரண்டு அடுக்குகளிலும் செறிவை அளந்தால், பென்சீன் செறிவுக்கும் நீர்ச் செறிவுக்கும் உள்ள விகிதம் மாறிலியாக இருப்பதில்லை. பென்சீன் செறிவை நீர்ச் செறிவின் இருமடியால் வகுத்தால்தான் ஏறத்தாழ மாறாத எண் கிடைக்கிறது. அதாவது நீர் அடுக்கில் செறிவு இரட்டிப்பானால் பென்சீன் அடுக்கில் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. நீரில் தனித்தனியாக இருக்கும் இரண்டு மூலக்கூறுகள் பென்சீனில் ஒரு துகளாகின்றன என்றால்தான் இந்த இருமடி வரும். அந்தப் படியின் எண்தான் n.